“எட்டு மடங்கே?”: மூடைப் படம் பிழையாக வாசிக்கப்படும்போது

வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காகப் படக் குறிகளால் கணக்குக் காட்டும் பலகை பிழைத்தால், பிழை பெரும்பாலும் படத்தின் அழகில் இருக்காது, அளவில் இருக்கும். வன்னியில் எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பலர், இடப்பெயர்வுகளால் பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோனவர்கள், கணக்கில் குறைந்தவர்கள் அல்லர். குளத்து அளவுகோலில் எத்தனை அடி என்று பார்ப்பார்கள், லொறியில் ஏறும் மூடையை எண்ணுவார்கள், காசுத் தாளில் உள்ள இலக்கத்தை வாசிப்பார்கள். ஆகவே பலகை பொய் சொன்னால் அந்தப் பொய்யை நம்பித்தான் கணக்குப் போடுவார்கள்.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பலகையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு குளத்தின் கமக்காரர் அமைப்பு, போன காலபோகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் விளைந்தது என்று பொதுநோக்கு மண்டபத்தில் காட்ட விரும்புகிறது. துருசுக்குக் கிட்ட, வாய்க்கால் தலைப்பில் 28 மூடை. நடுவில் 21. வாய்க்கால் முடியும் இடத்தில் 14. எண்கள் வழிமுறைக்காக எடுத்தவை. ஆனால் தலைப்புக்கும் கடைசிக்கும் உள்ள மனக்கசப்பு எந்த வாய்க்காலிலும் உண்டு, அதனால் இந்தப் பலகையில் அளவு தவறினால் கூட்டமே குழம்பும்.

அறிகுறி: இரண்டு மடங்கைக் காட்டினோம், “எட்டு மடங்கே?” என்று கேட்கிறார்கள்

பலகையைப் பாருங்கள். மூன்று மூடைதான் வரைந்திருக்கும்: சின்னது, நடுத்தரம், பெரியது. கடைசிப் பகுதியின் மூடை 10 சென்ரிமீற்றர் உயரம், தலைப்பின் மூடை 20. வரைந்தவர் உயரத்தை இரண்டு மடங்காக்கினார், 14க்கு 28 சரிதானே என்று நினைத்தார்.

உயரத்தைக் கூட்டும்போது படம் கோணாமல் இருக்க அகலத்தையும் கூட்டினார். அதனால் தாளில் பெரிய மூடை பிடிக்கும் இடம் நான்கு மடங்கு. அதோடு நிற்கவும் இல்லை. மூடை என்பது உள்ளே நெல் கொள்ளும் பொருள். உயரமும் அகலமும் தடிப்பும் இரண்டு மடங்கான சாக்குக்குள் எட்டு சாக்கு நெல் கொள்ளும். சாக்கைத் தோளில் தூக்கிய ஆளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, படத்தைப் பார்த்தவுடன் கை கணக்குப் போட்டுவிடும். “அவைக்கு எட்டு மடங்கே? எங்கட தண்ணியையும் அவைதானே குடிச்சவை!” என்று எழும் குரலுக்குக் காரணம் வயலில் பாதி, பலகையில் பாதி.

கணக்குத் தெரிந்த ஒருவர் இங்கே வேறு வழி சொல்லுவார்: பரப்பு இரண்டு மடங்காக வரும்படி உயரத்தை 1.41 மடங்காக்கினால் போதும் என்று. 10 சென்ரிமீற்றர் மூடைக்குப் பக்கத்தில் 14.1 சென்ரிமீற்றர் மூடை. தாளின் கணக்கில் இது உண்மை. வாசிப்பவரின் கண்ணில் அப்படியல்ல. ஒருவர் உயரத்தைப் பார்த்து “ஒண்டரை மடங்கு” என்பார், இன்னொருவர் கொள்ளளவைப் பார்த்து “மூண்டு மடங்கு” என்பார். பரப்பை அளப்பதில் மனிதக் கண் பொதுவாகவே மந்தம், பெரிய உருவத்தின் பரப்பை உள்ளதைவிடக் குறைத்தே மதிக்கும். ஒரே படத்துக்கு மூன்று நியாயமான வாசிப்பு இருக்குமென்றால் அந்தப் படத்தைக் கைவிட வேண்டியதுதான்.

திருத்தம் ஒன்றே ஒன்று. எல்லா மூடையும் ஒரே அளவு, எண்ணிக்கை மட்டும் மாறும். தலைப்புக்கு 28 மூடைப் படம், நடுவுக்கு 21, கடைசிக்கு 14. வியன்னாவில் 1925இல் தொடங்கிய ஒரு சமூக அருங்காட்சியகத்தில் ஒட்டோ நொய்ராத் வைத்த விதியும் இதுதான்: கூடிய தொகைக்குக் கூடிய குறிகள், பெரிய குறி அல்ல. அதற்கு முந்திய நூற்றாண்டுப் புள்ளிவிபரப் புத்தகங்களில் பெரிய கப்பல், சின்னக் கப்பல் என்று வரைந்து ஏமாந்த பழக்கம் இருந்தது. இன்றைக்கும் பத்திரிகைகளில் அது வருகிறது, பார்த்தால் தெரியும்.

ஒரே அளவு என்பதைக் கையால் வரையும்போது காப்பாற்ற முடியாது. 63 மூடையில் கடைசி மூடைகள் களைப்பில் சிறுத்துப்போகும், அல்லது இடம் மிஞ்சினால் பெருக்கும். ஒரு மூடையைப் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டி அச்சுத் தகடாக வைத்துக்கொள்ளுங்கள். மையை ஸ்பொஞ்சில் தொட்டு ஒற்றினால் 63ம் ஒன்றாக வரும். மை தண்ணீராக இருந்தால் பிலிமின் கீழே கசிந்து ஓரம் கொழுக்கும், ஆகவே ஸ்பொஞ்சை முதலில் பழைய கடதாசியில் ஒருதரம் ஒற்றி எடுக்கவும்.

அறிகுறி: படங்கள் ஒரே அளவுதான், ஆனாலும் 14ஐ “கிட்டத்தட்ட அதேயளவு” என்கிறார்கள்

இது இடைவெளியின் பிழை. வரைந்தவர் 14 மூடையைப் பலகை நிறையட்டும் என்று பரப்பி வைத்திருப்பார், 28ஐ நெருக்கி வைத்திருப்பார். தூரத்தில் இருப்பவர் எண்ணமாட்டார், கூட்டம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பார். இரண்டும் ஒரே இடத்தைப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

எனவே மூடைக்கு ஒரே அளவு வேண்டும் என்பதுபோல, மூடை நிற்கும் கட்டத்துக்கும் ஒரே அளவு வேண்டும். 3 அடிக்கு 4 அடிப் பலகையை நெடுக்காக வைத்தால் அகலம் ஏறக்குறைய 91 சென்ரிமீற்றர், உயரம் 122. மூடை 5 சென்ரிமீற்றர் அகலம், 6 உயரம். அதன் கட்டம் 6 அகலம், 7.5 உயரம். ஒரு வரிசையில் 10 கட்டம் மட்டும். ஐந்தாம் கட்டத்துக்கும் ஆறாம் கட்டத்துக்கும் இடையில் கூடுதலாக 2 சென்ரிமீற்றர் விடுங்கள், மூடை இறக்கும்போது ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணியவர்களுக்கு இந்த இடைவெளி உடனே பிடிபடும். வரிசையின் நீளம் 62 சென்ரிமீற்றர் வரும். இடது பக்கம் இடத்தைக் காட்டும் படத்துக்கு 14, வலது பக்கம் இலக்கத்துக்கு 10. எல்லாம் சேர்ந்து 86, இரண்டு ஓரத்திலும் 2.5 மிஞ்சும்.

தலைப்புக்கு 3 வரிசை (10, 10, 8), நடுவுக்கு 3 (10, 10, 1), கடைசிக்கு 2 (10, 4). மொத்தம் 8 வரிசை, 60 சென்ரிமீற்றர். பகுதிகளுக்கு இடையில் 9 சென்ரிமீற்றர் வீதம் இரண்டு இடைவெளி. இந்த 9ஐக் குறைக்க வேண்டாம். ஒரு பகுதியின் கடைசி வரிசைக்கும் அடுத்த பகுதியின் முதல் வரிசைக்கும் இடையில் வித்தியாசம் தெரியாவிட்டால், பழக்கமில்லாதவர் எட்டு வரிசையையும் எட்டுப் பேரின் வயல் என்று வாசிப்பார். வரி முடிந்து அடுத்த வரிக்குப் போவது புத்தகம் வாசித்துப் பழகிய கண்ணின் பழக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் மெல்லிய நிறப் பட்டை ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

எல்லா வரிசையும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். நடுவில் வைத்து அழகுபடுத்தினால் ஒப்பிடும் ஓரம் போய்விடும்.

தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு: பார்ப்பவர் ஒரு மீற்றர் தள்ளிப்போக, குறி ஒரு சென்ரிமீற்றர் வளர வேண்டும். 6 சென்ரிமீற்றர் மூடை 6 மீற்றர் வரை தாங்கும். மண்டபம் அதைவிட நீளமென்றால் பலகையை முன்னுக்குக் கொண்டுவருவது, மூடையைப் பெருப்பிப்பதைவிடச் சுலபம்.

அறிகுறி: “எங்களுக்கு இவ்வளவு பசளை தரேல்லையே!”

மூடை மூடையாகத்தான் வாசிக்கப்பட்டது, ஆனால் உள்ளே இருப்பது மாறிப்போனது. வாய் தைத்த வெள்ளைப் பையை வரைந்தால் வன்னியில் அது முதலில் யூரியா. அப்படி வாசித்தவருக்குப் பலகை “தலைப்பில் உள்ளவைக்கு 28 மூடை பசளை குடுத்திருக்கினம்” என்று சொல்கிறது. அளவு நேர்மையாக இருந்தும் பலகை கலகம் மூட்டுகிறது.

சாக்கின் பக்கத்தில் ஒரு நெற்கதிரைச் சாய்த்து வைத்தால் போதும் என்று தோன்றும். 6 சென்ரிமீற்றரில் கதிர் ஒரு கீறலாகத்தான் தெரியும். சாக்கின் வாயைத் திறந்து, நெல் குவிந்து நிற்பதாக வரையுங்கள், குவியலுக்கு மஞ்சள் கொடுங்கள், சாக்குக்குச் சணல் நிறம் கொடுங்கள். அதையும் 63 தடவை வரையத் தேவையில்லை. சாக்குக்கு ஒரு தகடு, குவியலுக்கு ஒரு தகடு.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. குறைந்த விளைச்சலைச் சிவப்பில் காட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். சிவப்புப் பலகையும் மண்டையோடும் மிதிவெடியைச் சொல்லிப் பழகிய ஊர்களில், சிவப்பு நிற வயல் என்றால் “உதுக்குள்ள இறங்காதை” என்று வாசிக்க இடமுண்டு. மூன்று பகுதிக்கும் ஒரே நிற மூடைதான். எந்தப் பகுதி என்பதை இடது பக்கப் படம் சொல்லட்டும்: குளம், துருசு, வாய்க்கால் என்ற ஒரே சிறு வரைபடம் மூன்று தடவை, ஒவ்வொன்றிலும் அந்தந்த இடத்து வயல் மட்டும் பச்சை.

அறிகுறி: “பத்து மூடைதானே கிடக்கு, நூறு எண்டு எப்படி?”

ஒரு படம் பத்து மூடைக்குச் சமம் என்று மூலையில் சின்னதாக எழுதி வைத்திருப்பீர்கள். எழுத்து வாசிக்காதவருக்கு அந்த மூலை இல்லை. எழுத்து வாசிப்பவரும் அதைக் கடைசியில்தான் பார்ப்பார். எண்ணத் தெரிந்தவர் எண்ணியதைத்தான் நம்புவார், அதில் பிழையில்லை.

முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பெரிய எண் தேவைதானா என்பது. தலைப்புப் பகுதி முழுவதும் 840 மூடை, கடைசிப் பகுதி முழுவதும் 840 மூடை என்று காட்டினால் இரண்டும் சமம். தலைப்பில் 30 ஏக்கர், கடைசியில் 60 ஏக்கர் என்பது மறைந்துபோகும். ஏக்கருக்கு எத்தனை என்று பிரித்தால் 28ம் 14ம் வரும். உண்மையும் வெளியே வரும், ஒரு படத்துக்கு ஒரு மூடை என்று வைக்கவும் இடம் கிடைக்கும். 30, 40 வரை உள்ள எண்களை ஒன்றுக்கு ஒன்றாகவே காட்டிவிடலாம், விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

மொத்தத்தைக் காட்டியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. களஞ்சியத்தில் 324 மூடை விதைநெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒற்றை மூடைப் படத்தைப் பத்தென்று பேர்மாற்றாமல், பத்து மூடை அடுக்கியிருப்பதாக ஒரு படத்தை வரையுங்கள்: கீழே நாலு, அதன்மேல் மூன்று, அதன்மேல் இரண்டு, உச்சியில் ஒன்று. கிட்டப்போய் எண்ணினால் பத்தும் எண்ணுப்பட வேண்டும், பின்னால் மறைந்த மூடை ஒன்றும் இருக்கக்கூடாது. அப்படி 32 அடுக்கு, கூடவே நாலு தனி மூடை. தனி மூடையின் அளவு, அடுக்குக்குள் இருக்கும் மூடையின் அளவேதான். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தனி மூடையை அடுக்கின் உயரத்துக்குப் பெருப்பித்து வரிசையை ஒழுங்காக்குவார்கள், உடனே நாலு மூடை நாற்பதுபோல் நிற்கும். வரிசை ஒழுங்கில்லாமல் சின்னதாக நிற்பதுதான் சரி, மீதி சின்னதுதானே.

ஒரு உழவு இயந்திரப் பெட்டியை அலகாக வைக்கும் யோசனையும் வரும். வேண்டாம். ஒவ்வொருவர் பெட்டியும் ஒவ்வொரு அளவு, கூட்டம் பெட்டியைப் பற்றிய வாக்குவாதமாக முடியும்.

அறிகுறி: “அந்த மூடை ஏன் கிழிஞ்சு கிடக்கு?”

அரை மூடையைக் காட்ட மூடையைப் பாதியில் வெட்டியிருப்பீர்கள். வெட்டிய பொருள் சேதமான பொருளாகத்தான் தெரியும். போதாததுக்கு, சாக்கின் மேல்பாதி ஒடுங்கியும் கீழ்ப்பாதி பருத்தும் இருப்பதால் பாதி உயரத்தில் வெட்டினால் அது பாதி நெல்லும் அல்ல.

ஒன்றுக்கு ஒன்றாகக் காட்டும்போது அரைகள் வராமல் முழு மூடைக்கு நெருக்கிவிடுங்கள். நடுப்பகுதியின் சராசரி 20.6 என்றால் 21 மூடைப் படம், பக்கத்தில் இலக்கத்தில் 21. படம் 21 என்றும் இலக்கம் 20.6 என்றும் நின்றால், எண்ணிப் பார்த்தவர் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

மனித உருவத்தை ஒருபோதும் வெட்ட வேண்டாம். இடுப்போடு நின்ற ஆள், ஒரு கால் மட்டும் உள்ள ஆள், இவை வன்னியில் புள்ளிவிபரமாக வாசிக்கப்படமாட்டா.

அறிகுறி: “வெள்ளையாய்ப் போன ஆக்கள் செத்தவையே?”

அதே பலகையின் கீழ்ப்பகுதியில், கடைசிப் பகுதிக் கமக்காரர் 10 பேரில் 4 பேருக்குத் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை என்று காட்டப் போகிறீர்கள். ஆறு பேரைக் கறுப்பில் நிரப்பி, நாலு பேரை வெறும் கோட்டுருவமாக விட்டுவிடுவது வழமை. கோட்டுருவம் “இல்லாத ஆள்” என்று படிக்கப்படும். காணாமற்போனவர்களின் படங்களை ஏந்திய குடும்பங்கள் வாழும் ஊரில் அந்த வாசிப்பு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பத்துப் பேரையும் ஒரே மையில், ஒரே உருவில், முழுதாக நிறுத்துங்கள். வித்தியாசம் காலடியில் இருக்கட்டும்: ஆறு பேருக்கு முன்னால் தண்ணீர் நிற்கும் வயல், நாலு பேருக்கு முன்னால் வெடித்த வயல். நாலு பேரையும் ஒன்றாக ஒரு ஓரத்தில் நிறுத்துங்கள், கலந்து விட்டால் எண்ணமுடியாது. வெடித்த வயலும் தண்ணீர் வயலும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய இடைவெளிப் பிழை திரும்பி வரும்.

இரண்டு பகுதியை ஒப்பிட்டால் இரண்டிலும் பத்துப் பேரே நிற்க வேண்டும். ஒன்றில் 5இல் 2, மற்றதில் 8இல் 3 என்று நிறுத்தினால் வாசிப்பவர் 2ஐயும் 3ஐயும் ஒப்பிடுவார், எட்டுப் பேர் உள்ள பகுதிக்குத்தான் கூடுதல் பாதிப்பு என்று நினைப்பார். கணக்கில் அது மறுபக்கம்: 40 வீதம், 37.5 வீதம்.

அறிகுறி: கணினியில் செய்த படத்தில் மூடை நீண்டு, நெளிந்து நிற்கிறது

எக்செலில் சலாகை வரைபடத்தின் சலாகைக்குள் மூடைப் படத்தைப் போட்டவுடன் அது ஒரே மூடையாக இழுபட்டு நிற்கும். 28க்கு நீண்ட மூடை, 14க்குக் குட்டை மூடை. சலாகையில் வலது சொடுக்கு செய்து `Format Data Series`, பிறகு `Fill`, அதில் `Picture or texture fill` போனால் கீழே மூன்று தெரிவுகள் இருக்கும். `Stretch` என்பதுதான் இழுக்கும் தெரிவு. `Stack` மூடைகளை அடுக்கும், ஆனால் சலாகையின் தடிப்புக்கு ஏற்றபடி அடுக்கும், மூடை எண்ணிக்கைக்கும் உங்கள் எண்ணுக்கும் தொடர்பிருக்காது. பார்வைக்குச் சரிபோல நிற்பதால் மூன்றிலும் ஆபத்தானது இதுதான். வேண்டியது `Stack and Scale with`, அதன் பெட்டியில் `Units/Picture` 1. அப்போது ஒரு மூடைக்கு ஒரு படம். படம் சப்பையாகத் தெரிந்தால் `Gap Width` ஐக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். அச்சின் `Minimum` 0 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள், 10இல் தொடங்கும் அச்சு 14ஐ நாலாக்கிவிடும்.

இந்த வழியில் 28ம் ஒரே வரிசையில்தான் வரும், பத்துப் பத்தாக மடியாது. மடிக்க வேண்டுமென்றால் வரைபடத்தை விட்டுக் கட்டங்களுக்கு வாருங்கள். L1 கட்டத்தில் 28 என்று எழுதி, A1 முதல் J3 வரை இந்தச் சூத்திரத்தை நிரப்புங்கள்:

```
=IF((ROW()-1)*10+COLUMN()<=$L$1,"●","")
```

மூன்றாம் வரிசையில் எட்டாவது கட்டத்தோடு புள்ளி நிற்கும். இதை அச்சடித்து, புள்ளி இருக்கும் இடத்தில் தகட்டால் மூடையை ஒற்றலாம். சிலர் `REPT` சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். அது பின்னத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்: 48ஐப் பத்தால் வகுத்து `REPT` இல் போட்டால் ஐந்தல்ல, நாலு குறிதான் வரும். உள்ளே `ROUND` போட்டால்தான் ஐந்து வரும்:

```
=REPT("●",ROUND(B2/10,0))
```

அச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. பலகையை A4 தாள்களாகப் பிரித்து அச்சடித்து ஒட்டும்போது ஒரு தாள் `Fit` இலும் இன்னொன்று `Actual size` இலும் போனால் மூடைகள் இரண்டு அளவாகும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்று வைத்து அச்சடியுங்கள். ஒட்டும் முன் அடிமட்டத்தால் எல்லாத் தாளிலும் அளந்து பாருங்கள். போட்டோக்கொப்பிக் கடையில் A4ஐ A3 ஆக்கும்போது இயந்திரம் 141 வீதம் என்று காட்டும், தாளின் பரப்பு இரண்டு மடங்காகும். அந்த 141தான் மேலே சொன்ன 1.41. ஒரு பகுதியின் மூடைகளை மட்டும் இப்படிப் பெருப்பித்து ஒட்டினால் 14 மூடையும் 28 மூடை பிடிக்கும் இடத்தைப் பிடித்துவிடும்.

அறிகுறி: எல்லாரும் “விளங்குது” என்றார்கள், பிறகு ஒருவருக்கும் விளங்கவில்லை

கேள்விதான் பிழை. “விளங்குதோ?” என்று கேட்டால் மரியாதைக்காகவும் வெட்கத்துக்காகவும் “ஓம்” என்றுதான் பதில் வரும். கூட்டமாகக் கேட்டால் முதலில் வாய்திறப்பவரின் பதிலை மற்றவர்கள் சொல்லுவார்கள், அவர் பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தவர்.

பலகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவர்களாக, மூன்று பகுதியிலிருந்தும், பெண்களும் வயதானவர்களும் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். முதலில் ஒற்றை மூடைப் படத்தை மட்டும் காட்டி, “அம்மா, இது என்ன?” என்று கேளுங்கள். நீங்கள் நெல் என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. பொதுப் பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேச அளவுகோல் ஒன்று 67 வீதம் பேர் சரியாகச் சொன்னால் ஏற்கிறது, அமெரிக்க அளவுகோல் 85 வீதம் கேட்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேர் நெல் மூடை என்று சொல்லாவிட்டால் படத்தை மாற்றுங்கள், படம் மாற்றுவது தகடு ஒன்றை மறுபடி வெட்டும் வேலைதான்.

பிறகு முழுப் பலகை. “ஆருக்குக் கூட விளைஞ்சிருக்கு?” என்ற கேள்வி போதாது, பிழையான பலகையிலும் அதற்குச் சரியான பதில் வந்துவிடும். எவ்வளவு கூட என்பதைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு கிண்ணம் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதிக்கு நீங்களே பத்துக் கொட்டை வையுங்கள். “இவைக்கு இவ்வளவு எண்டால், தலைப்பில உள்ளவைக்கு எவ்வளவு வைப்பியள் ஐயா?” என்று கேட்டுக் கிண்ணத்தை அவரிடம் கொடுங்கள். இருபதை அண்டி, பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை வைத்தால் பலகை நேர்மையாகப் பேசுகிறது. முப்பது, நாற்பது என்று கிண்ணம் காலியாகத் தொடங்கினால் மூடையோ கட்டமோ எங்கோ பெருத்திருக்கிறது, அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு முதல் அறிகுறிக்குப் போங்கள். பதின்மூன்று, பதினாலோடு நின்றால் 14 மூடையைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள், இரண்டாவது அறிகுறிக்கு. ஒருவர் பத்தில் எட்டைத் திரும்ப எடுத்துவிட்டு வரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டால், வரிசைதான் வயல் என்று நினைத்திருக்கிறார்: 9 சென்ரிமீற்றர் இடைவெளியையும் பின்பட்டையையும் சரிபாருங்கள்.

கொட்டை வைக்கும்போது அவர் விரல் எங்கே போகிறது என்றும் பாருங்கள். விரல் மூடைகளைத் தொட்டு எண்ணினால் நல்லது. விரல் நேராக வலது பக்க இலக்கத்துக்குப் போனால் அதுவும் நல்லதே, அந்த 28, 21, 14 மூன்றும் மூடையின் உயரத்துக்குக் குறையாத இலக்கங்களாக, மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 28ஐ மட்டும் பெரிதாக எழுதிவிட்டு மூடைகளை ஒரே அளவில் வைத்த பலகைகளும் உண்டு.